பதிவா, சித்தரிப்பா? ஆவணப்படப் பிரதியில் குறிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடிகர்களை வைத்து எடுத்தது என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடுமே, அதற்குத் தனியாகத் திரையில் எழுத்து எதற்கு?

ராஜராஜ சோழன் குதிரையில் வருவதைக் காட்டினால் யாரும் ஏமாறப் போவதில்லை. அந்தக் காலத்தில் கேமரா இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குழப்பம் தொடங்குவது கேமரா வந்த பிறகு நடந்த சம்பவங்களில்தான். 1930-இல், 1964-இல், 1984-இல் நடந்த ஒன்றை நீங்கள் காட்டும்போது, "யாரோ அங்கே நின்று எடுத்திருக்கலாம்" என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் தானாகவே எழும். அதைத் தடுக்க உங்கள் படத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. அது பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குப் பிரதி எழுதியபோதுதான் இந்த வேலையின் நெளிவு சுளிவுகள் எனக்கே புரிந்தன. பயிற்சிப் பட்டறைகளில் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் அந்தப் பிரதியைச் சுற்றியே வருகின்றன.

தனுஷ்கோடி ரயில் கடலில் மூழ்கியதைக் காட்ட வேண்டும். அதில் எது தெரிந்தது, எது நாம் சேர்ப்பது என்று எப்படிப் பிரிப்பது?

எல்லோரும் சொல்லும் கதையை முதலில் வரி வரியாக உடைத்துப் பாருங்கள். பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் இரவு 11.55-க்குப் புறப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றது. ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்து, நீண்ட விசில் ஊதிவிட்டு, துணிந்து வண்டியை நகர்த்தினார். பேரலை வந்து ரயிலை அப்படியே புரட்டியது. பயணிகளும் ரயில்வே ஊழியர்களுமாக 115 பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இதை யார் பார்த்தார்கள்?" என்று எழுதுங்கள். பாம்பனில் வண்டி புறப்பட்டதைப் பார்க்க நிலையத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். அந்த வரிக்குத் தேடினால் ஆவணம் கிடைக்கும். ரயில் கவிழ்ந்ததற்குப் பிறகு கண்ட சிதைவே சாட்சி. ஆனால் ஓட்டுநர் காத்திருந்தது, யோசித்தது, துணிந்தது? ரயிலில் இருந்த யாரும் பிழைக்கவில்லை என்பதும் இதே கதையின் ஒரு பகுதிதானே. அப்படியானால் எஞ்சினுக்குள் நடந்ததை வந்து சொன்னது யார்? அந்த வரி, எத்தனை செய்திக் கட்டுரைகளில் வந்திருந்தாலும், ஊகம். இத்தனை வருடம் கேட்ட கதையில் மிகவும் உருக்கமான இடம் ஊகமாக இருப்பதைக் கண்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. படமாக்க எல்லோரும் ஆசைப்படும் இடமும் அதுதான்.

இதைப் பிரதியில் எங்கே எழுதுவது? இயக்குநருக்குத் தெரிந்தால் போதாதா?

போதாது. படப்பிடிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து எடிட்டர் அந்த ஷாட்டை எடுக்கும்போது அதன் பெயர் வெறும் எண்ணாக இருக்கும். ஆவணப்படப் பிரதியில் வழக்கமாக இரண்டு பத்திகள்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஒலி. அதோடு மூன்றாவதாக "ஆதாரம்" என்று ஒரு பத்தி போடுங்கள். அதில் முக்கியமாக வர வேண்டிய சொற்கள் நான்கு. பதிவு: அந்தச் சம்பவத்தின்போதே எடுத்தது. ஆவணம்: எழுத்துச் சான்றை வைத்து நாம் எடுத்தது. சாட்சியம்: ஒருவர் சொன்னதை வைத்து நாம் எடுத்தது. ஊகம்: சான்று இல்லாமல் நாம் நிரப்பியது.

என் பிரதியின் முதல் வடிவத்தில் ஒரு காட்சி இப்படி இருந்தது:

காட்சி 14. இரவு. எஞ்சின் உள்ளே.
படம்: மழைநீர் வழியும் கண்ணாடி. ஓட்டுநரின் முகம். கை விசில் கயிற்றை இழுக்கிறது.
ஒலி: புயல் இரைச்சல். நீண்ட விசில். வர்ணனை: "இனியும் காத்திருக்க முடியாது என்று அவர் முடிவெடுத்தார்."
ஆதாரம்: முகம் – ஊகம். கை – ஊகம். விசில் – ஊகம். வர்ணனை – ஊகம்.
திரை எழுத்து: ?

ஆதாரப் பத்தியில் நான்கு முறை ஒரே சொல் விழுந்த பிறகுதான் அந்தக் காட்சி என்னவென்று குழுவுக்கே உறைத்தது. திரை எழுத்து என்ன என்பதைக் கேள்விக்குறியோடு விட்டுவைத்தோம். அந்தக் காட்சி கடைசியில் என்ன ஆனது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"சித்தரிக்கப்பட்டது" என்று போடலாமா, "நாடகமாக்கம்" என்று போடலாமா? எந்தச் சொல் சரி?

தமிழ்த் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்குப் பழகிய சொல் "சித்தரிப்பு". குற்றச் செய்தி நிகழ்ச்சிகள் அதைப் பழக்கிவிட்டன. "மீளுருவாக்கம்" துல்லியமானது, ஆனால் வாய்விட்டு வாசிக்க நேரமாகும். "நாடகமாக்கம்" என்றால் வசனத்தையும் சேர்த்தே இட்டுக்கட்டியது போல ஒலிக்கிறது. அதனால் வசனம் பேசும் காட்சிக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் ஒரே படத்தில் மாற்றாதீர்கள். பத்தாவது நிமிடத்தில் "சித்தரிப்பு", இருபதாவது நிமிடத்தில் "மீளுருவாக்கம்" என்று வந்தால் இரண்டும் வேறு வேறு என்று பார்ப்பவர் நினைப்பார். அப்படி நினைப்பது அவர் தவறல்ல.

அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எதை வைத்து எடுத்தது என்பதையும் சேருங்கள். "சித்தரிப்பு: நேரில் கண்டவர் சொன்னபடி", "சித்தரிப்பு: எங்கள் ஊகம்". இரண்டு மூன்று சொல் கூடும், அவ்வளவுதான். இதில் "எங்கள்" முக்கியம். "சித்தரிக்கப்பட்டது" என்ற செயப்பாட்டு வினையில் சித்தரித்தவர் ஒளிந்துகொள்கிறார்.

"உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்பதை ஆவணப்படத்தில் எழுதவே கூடாது என்பேன். அது திரைப்படங்களுக்கான வாசகம். எந்த அளவு தழுவியது என்று அது சொல்வதே இல்லை.

கஜா புயலின்போது எடுத்த அலைகளை 1964-க்குப் பயன்படுத்தலாமா? அது உண்மையான புயல்தானே?

உண்மையான புயல்தான், ஆனால் வேறு புயல். 2018 நவம்பரில் எடுத்தது 1964-க்குப் பதிவு ஆகாது. நடிகர் யாரும் இல்லாததால் சித்தரிப்பும் ஆகாது. அதனால்தான் இந்த வகைக் காட்சி எழுத்தே இல்லாமல் நழுவிவிடுகிறது. நான் பார்த்த பிழைகளில் பாதி இந்த வகைதான்.

செய்தி அலைவரிசைகள் இதற்குக் "கோப்புக் காட்சி" என்ற சொல்லை வைத்திருக்கின்றன. அதையே எடுத்துக்கொண்டு இடத்தையும் ஆண்டையும் சேருங்கள்: "கோப்புக் காட்சி: கஜா புயல், 2018". ஆண்டைப் போட்டவுடன் அந்த ஷாட் 1964-க்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு தெரிந்தால், அதை எடுத்துவிடுவதே நல்லது.

எழுத்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? எந்த மூலையில்?

படிப்புப் பழக்கம் குறைந்த ஒருவர் மெதுவாக வாய்விட்டு இரண்டு முறை வாசிக்கும் நேரம் குறைந்தபட்சம். இதை நானே வாசித்துப் பார்த்துத்தான் அளப்பேன். "சித்தரிப்பு: நேரில் கண்டவர் சொன்னபடி" என்பதற்கு ஐந்து, ஆறு விநாடி தேவைப்படுகிறது. சித்தரிப்புக் காட்சி அதைவிடக் குறுகியதாக இருந்தால் எழுத்து காட்சி முழுவதும் நிற்கட்டும். ஊகக் காட்சி என்றால், எவ்வளவு நீளமானாலும் முழுவதும் நிற்கட்டும். பதிவுக்குப் போய்விட்டு மறுபடி சித்தரிப்புக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் எழுத்தும் திரும்ப வர வேண்டும்.

இடம் பற்றி: கீழே வசனத் தமிழாக்கமும் பேசுபவர் பெயரும் வரும், மேல் வலப்பக்கத்தில் பெரும்பாலும் அலைவரிசையின் சின்னம் உட்காரும். மிஞ்சுவது மேல் இடது மூலை. புயல் இரவு போன்ற கறுத்த காட்சியில் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். அடுத்த ஷாட் வெளுத்த மணல்வெளியாக இருந்தால் காணாமல் போகும். எழுத்துக்குப் பின்னால் மெல்லிய கறுப்புப் பட்டை போட்டுவிடுங்கள். கடைசியாகக் கைப்பேசித் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடிட்டிங் அறையின் பெரிய திரையில் எல்லாமே படிக்கத்தான் முடியும்.

படத்தின் தொடக்கத்திலோ கடைசிப் பட்டியலிலோ "சில காட்சிகள் சித்தரிக்கப்பட்டவை" என்று ஒரே ஓர் அட்டை போட்டால்?

"சில" என்றால் எவை? அந்த அட்டை பார்ப்பவருக்கு எதையும் சொல்லவில்லை. வழக்கு வந்தால் காட்டிக்கொள்ள மட்டும் உதவும். பி.பி.சி.யின் 'ஃப்ரோஸன் பிளானட்' தொடரில் 2011-இல் இந்தச் சிக்கல் வந்தது. பனிக்கரடிக் குட்டிகள் பிறக்கும் காட்சி நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் எடுக்கப்பட்டது. வர்ணனையோ துருவப் பனிக்குகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எப்படி எடுத்தோம் என்பதை இணையதளத்தில் விளக்கியிருக்கிறோம் என்றார்கள். படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த விளக்கத்தைத் தேடிப் போயிருப்பார்கள்?

இன்றைக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் படத்தை யாரோ நாற்பது விநாடித் துணுக்காக வெட்டிப் பகிர்வார்கள். முதல் அட்டை அதில் இருக்காது. நாங்கள் வேறொரு படத்துக்காக எடுத்த சித்தரிப்பின் ஓர் உறைநிலைப் படம், இரண்டே ஆண்டில் ஒரு கட்டுரையில் "அக்காலப் புகைப்படம்" என்ற குறிப்போடு வந்தது. எங்கள் கலை இயக்குநர் சந்தையில் வாங்கிய அரிக்கேன் விளக்கு அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுகிறேன், தனி அடுக்காக விடுவதில்லை. வெளிநாட்டு விற்பனைக்கு எழுத்தில்லாத படநகல் கேட்பார்கள். அதோடு மூன்று பத்திப் பிரதியையும் சேர்த்து அனுப்பி, அவர்கள் மொழியில் எழுத்தைப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

எழுத்தே இல்லாமல், படமாக்கும் பாணியாலேயே உணர்த்த முடியாதா?

முடியும். சித்தரிப்பில் முகங்களையே காட்டாமல் கை, கால், நிழல் மட்டும் காட்டலாம். ஃபிரேமின் அகலத்தைக் குறைக்கலாம். ஒரே ஒரு நிறச் சாயலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாணியைப் பார்ப்பவருக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் சித்தரிப்பில் பாணியும் எழுத்தும் சேர்ந்து வரட்டும். அடுத்தடுத்து வருபவற்றில் எழுத்தைச் சிறிதாக்கலாம். நடுவில் அழகுக்காக ஒரு நேர்காணலுக்கும் அதே நிறச் சாயலைக் கொடுத்தீர்களோ, கற்றுக்கொடுத்தது அத்தனையும் போயிற்று.

இதன் எதிர்த்திசைதான் ஆபத்து. சித்தரிப்பைக் கறுப்பு வெள்ளையாக்கி, கீறலும் புள்ளியும் சேர்த்து, பழைய சுருள் போல நடுங்க வைப்பது. 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த சிறுவர் ஊர்வலம் பற்றிய 'மைட்டி டைம்ஸ்: தி சில்ட்ரன்ஸ் மார்ச்' 2005-இல் குறும்ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பழைய கேமராக்களால் எடுத்த சித்தரிப்புகள் உண்மைப் பதிவுகளோடு அடையாளம் இல்லாமல் கலந்திருந்தன என்பது பிறகு பெரிய சர்ச்சையானது. இத்தனைக்கும் அந்த ஊர்வலத்துக்கு உண்மைப் பதிவுகள் ஏராளம். சித்தரிப்பைக் கலந்ததால் உண்மைப் பதிவின் மீதும் சந்தேகம் விழுந்தது. செயற்கைக் கீறலுக்கு என் பிரதிகளில் இடமில்லை.

ஒலிக்கும் இதே கட்டுப்பாடா? புகைப்படத்துக்கு அடியில் காற்றுச் சத்தம் போட்டால்கூடக் குற்றமா?

சிதைந்த தேவாலயத்தின் புகைப்படத்துக்கு அடியில் மெல்லிய காற்றோசை போட்டால் யாரும் அதை 1964-இன் காற்று என்று நினைக்க மாட்டார்கள். புகைப்படம் பேசாது என்பது குழந்தைக்கும் தெரியும். அசையும் பழைய காட்சிக்கு ஒலி சேர்ப்பது வேறு. பழைய செய்திச் சுருள்களில் பல ஒலியின்றி எடுக்கப்பட்டவை. அதில் அழுகுரல் சேர்த்தால், படம் பதிவு, ஒலி சித்தரிப்பு. ஆதாரப் பத்தியில் இரண்டையும் தனித்தனியாக எழுதி, "ஒலி பின்னர் சேர்த்தது" என்று திரையிலும் போடுங்கள்.

தந்தி, கடிதம், தொலைபேசிப் பேச்சு ஆகியவற்றை நடிகர் குரலில் வாசிக்க வைக்கும்போது இன்னும் கவனம் தேவை. தந்தி வாசகம் கையில் இருந்தால் "ஆவணம்", "குரல்: நடிகர்". தொலைபேசியில் என்ன பேசியிருப்பார்கள் என்று நாமே எழுதினால் அது ஊகம். அதற்குக் கரகரப்பு ஒலி சேர்த்துப் பழைய ஒலிப்பதிவு போலக் காட்டுவது, மேலே சொன்ன செயற்கைக் கீறலுக்குச் சமம்.

நிஜ மீனவர், அவருடைய நிஜப் படகு. "இன்னொரு தடவை தள்ளுங்கள் அண்ணா" என்று சொல்லித்தான் எடுத்தோம். அதற்கும் எழுத்து வேண்டுமா?

வேண்டாம். அவர் தினமும் செய்வதை இன்னொரு முறை செய்தார். 1936-இல் வந்த பிரிட்டிஷ் ஆவணப்படம் 'நைட் மெயில்' அஞ்சல் ரயிலைப் பற்றியது. ரயிலுக்குள் கடிதங்களைப் பிரிக்கும் காட்சிகள் ஸ்டூடியோவில் அமைத்த பெட்டியில் எடுக்கப்பட்டவை. உண்மையான அஞ்சல் ஊழியர்களே, வண்டி ஓடுவது போல உடலை ஆட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை அதுதான் என்பதால் பார்ப்பவர் தவறாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

கோடு எங்கே விழுகிறது என்றால், அவர் இப்போது செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லும்போது. 1922-இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில், துப்பாக்கி பழகிய மக்கள் பழைய முறையில் ஈட்டியால் வேட்டையாடிக் காட்டினார்கள். உள்ளே வெளிச்சம் போதாததால் பனிவீட்டின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டு எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக வீட்டைத் திறந்ததை நான் மன்னிப்பேன். வேட்டைக்கு எழுத்து வேண்டும். அதேபோல, உங்கள் மீனவர் 1964 இரவில் தன் தந்தை படகைத் தள்ளியதைச் செய்து காட்டினால், ஆளும் படகும் நிஜமாகவே இருந்தாலும் அது "சித்தரிப்பு: மகன் சொன்னபடி".

காப்பகத்தில் பணம் கட்டி வாங்கிய காட்சிக்கு "பதிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம் அல்லவா?

கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள். 1916-இல் வெளியான 'தி பேட்டில் ஆஃப் தி சோம்' படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறி முன்னேறுவதும் ஒருவர் சரிந்து விழுவதும் போர்முனைக்குப் பின்னால் பயிற்சி இடத்தில் எடுக்கப்பட்டவை என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். படத்தின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் உண்மைப் பதிவுகள். ஆனால் முதல் உலகப் போர் என்றாலே நூறாண்டுகளாக எல்லோரும் எடுத்துப் போடுவது அந்த நடித்த துண்டைத்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது: கேமரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். குண்டு வரும் திசையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒளிப்பதிவாளர் நிற்க முடியுமா? ஒரே செயலை இரண்டு கோணத்தில் காட்டுகிறார்களா? ஆட்கள் அதிகச் சுமை இல்லாமல் இருக்கிறார்களா? சந்தேகம் தீரவில்லையென்றால் "அக்காலக் காட்சி; நடித்து எடுத்ததாக இருக்கலாம்" என்று போடுவதில் வெட்கம் இல்லை.

இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எதைச் சித்தரிப்பது?

இரண்டையும் சித்தரியுங்கள், அல்லது இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் சித்தரித்து மற்றதை நேர்காணலில் பேச்சாக விட்டால், படம் பிடித்ததே உண்மை என்று ஆகிவிடும். கண்ணுக்குத் தெரிந்ததோடு வெறும் வாய்ச்சொல் போட்டியிட முடியாது.

எரால் மோரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' (1988) இதை ஒரு முறையாகவே ஆக்கியது. டெக்ஸஸில் ஒரு காவலர் கொல்லப்பட்டதை ஒவ்வொருவரும் சொன்னபடி திரும்பத் திரும்பச் சித்தரித்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தாததைப் பார்க்கப் பார்க்க, சாட்சிகள் மீதே நமக்குச் சந்தேகம் வருகிறது. தண்டனை பெற்றிருந்த ராண்டல் ஆடம்ஸ் அடுத்த ஆண்டு விடுதலையானார். அதில் மூலையில் எழுத்து கிடையாது. ஒவ்வொரு சித்தரிப்பும் யாருடைய கூற்று என்பது பேச்சிலேயே கட்டப்பட்டிருந்தது. எழுத்தைத் தவிர்க்க விரும்புபவர்கள் இந்தப் படத்தைச் சாக்காகச் சொல்வார்கள். அந்த அளவு கட்டுமானம் உங்கள் பிரதியில் இருந்தால் தாராளமாகத் தவிர்க்கலாம்.

எழுத்து வந்தால் உணர்ச்சி கெட்டுவிடும் என்கிறார் இயக்குநர். காட்சி 14-இல் நீங்கள் என்ன செய்தீர்கள்?

எங்கள் இயக்குநரும் அதைத்தான் சொன்னார். எஞ்சின் உள்காட்சியை எழுத்தோடு ஒருமுறை, எழுத்தில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். "சித்தரிப்பு: எங்கள் ஊகம்" என்ற எழுத்தோடு பார்த்தபோது ஓட்டுநரின் முகம் பொய்யாகத் தெரிந்தது. இயக்குநர் குறை சொன்னது எழுத்தை. எனக்கு அந்த முகம்தான் குறையாகப் பட்டது. இறந்த ஒருவர் எடுத்தாரா என்றே தெரியாத முடிவுக்கு ஒரு நடிகரின் முகத்தை ஒட்டியிருந்தோம். அவருடைய குடும்பத்தினர் எங்காவது உட்கார்ந்து இதைப் பார்க்கக்கூடும். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு முகமும் கையும் வெட்டப்பட்டன. காட்சி இப்படி முடிந்தது:

காட்சி 14. இரவு. வெளியே.
படம்: நீரில் பாதி மூழ்கிய தண்டவாளம். தொலைவில் ஓர் எஞ்சின் விளக்கு, நிற்கிறது. திரை இருள்கிறது.
ஒலி: காற்று மட்டும். வர்ணனை: "ஓட்டுநர் நீண்ட விசில் ஊதிவிட்டு வண்டியை எடுத்தார் என்று சொல்வார்கள். அதைக் கேட்டுச் சொல்ல ரயிலில் யாரும் மிஞ்சவில்லை."
ஆதாரம்: தண்டவாளம், விளக்கு – ஊகம். காற்று – பின்னர் சேர்த்தது. வர்ணனை – பரவலாகச் சொல்லப்படுவது.
திரை எழுத்து: "சித்தரிப்பு: எங்கள் ஊகம்", காட்சி முழுவதும்.